கர்ப்ப காலத்தில் நெடும்பயணம்: ரத்தம் உறையும் ஆபத்தும் பயணத்திற்கு ஏற்ற வாரங்களும்

கர்ப்பிணிப் பெண்கள் விமானத்தில் ஏறலாமா என்று கேட்கும் குடும்பங்கள், அதே பெண்ணைத் தீபாவளிக்கு முந்தைய நாள் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குக் காரில் அழைத்துச் செல்லும்போது எதையும் கேட்பதில்லை. சுமார் 350 கிலோமீட்டர் தூரமுள்ள அந்தச் சாலைப் பயணம் சாதாரண நாள்களில் நான்கு அல்லது ஐந்து மணி நேரம் பிடிக்கும். விழாக்கால நெரிசலில் ஏழெட்டு மணி நேரமும் ஆகலாம். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் பறக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் ஆகிறது. ரத்தம் உறையும் ஆபத்தைப் பொறுத்தவரை முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது, கால்கள் அசையாமல் எத்தனை மணி நேரம் மடங்கியிருந்தன என்பதே. வாகனம் எது என்பது அதற்கு அடுத்ததுதான். விமானம், பேருந்து, கார், ரயில் என எதில் சென்றாலும் நான்கு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதையே மருத்துவர்கள் நெடும்பயணம் என்று கொள்கிறார்கள்.

கால்களிலிருந்து ரத்தம் இதயத்திற்குத் திரும்புவது ஈர்ப்பு விசைக்கு எதிரான ஏற்றமாகும். இதயத்தின் துடிப்பு மட்டும் அதற்குப் போதாது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் இறுகி, அவற்றுக்கு இடையே ஓடும் ஆழமான சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அது மீண்டும் கீழே இறங்காதபடி தடுக்கின்றன. உட்கார்ந்தே இருந்தால் தசைகளின் இந்த வேலை நின்றுவிடுகிறது. முழங்கால் மடிப்பிலும் இடுப்பு மடிப்பிலும் சிரைகள் வளைந்து அழுந்துகின்றன. தேங்கிய ரத்தத்தில் உறைவு தொடங்குவது எளிது. அப்படி ஆழமான சிரையில் உருவாகும் உறைவை ஆழ்சிரை ரத்தக்கட்டி என்கிறோம். காலிலேயே நின்றுவிட்டால் அது வலியும் வீக்கமும் தரும். அதன் ஒரு துண்டு பிரிந்து, இதயத்தின் வழியாக நுரையீரலின் ரத்தக் குழாயை அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

கர்ப்பம் இந்த நிலையை மூன்று வழிகளில் மாற்றுகிறது. பிரசவத்தின்போது தாய் அதிக ரத்தத்தை இழந்துவிடாதிருக்க உடல் பல மாதங்களுக்கு முன்பே ஆயத்தமாகிறது: ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் கூடுகின்றன, உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதங்களில் சில குறைகின்றன, உருவான கட்டியைக் கரைக்கும் திறனும் மந்தமாகிறது. இரண்டாவதாக, கர்ப்ப ஹார்மோன்களால் சிரைகளின் சுவர் தளர்ந்து, அவை அகன்று, ரத்த ஓட்டம் மெதுவாகிறது. மூன்றாவதாக, வளரும் கருப்பை இடுப்புக்குள் இருக்கும் பெரிய சிரைகளை அழுத்துகிறது. இடது காலிலிருந்து வரும் பெரிய சிரை, வலது காலுக்குச் செல்லும் தமனியின் அடியில் நுழைந்து வர வேண்டியிருப்பதால் இயல்பாகவே சற்று நெருக்கத்தில் இருக்கிறது. கருப்பையின் எடையும் சேரும்போது அந்த நெருக்கம் அதிகமாகிறது. கர்ப்ப காலத்து ஆழ்சிரைக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இடது காலில் வருவதற்கு இதுவே காரணம்.

இந்த ஆபத்து எவ்வளவு பெரியது? கர்ப்பமற்ற அதே வயதுப் பெண்ணோடு ஒப்பிட்டால் கர்ப்பிணிக்கு ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு நான்கைந்து மடங்கு அதிகம். ஆயினும் 1,000 கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில்தான் அது நிகழ்கிறது. நெடும்பயணத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம் பொதுவாக ரத்தக்கட்டியின் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று கூறியது. சிறிய எண் இரு மடங்கானாலும் சிறிய எண்ணாகவே இருக்கிறது. ஆகவே உடல்நலமுள்ள ஒரு கர்ப்பிணி பயணத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சில பெண்களுக்குத் தொடக்க எண்ணே பெரியது. முன்பு ஒருமுறை ரத்தக்கட்டி வந்தவர்களும், ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களும் இதில் முதல் வரிசையில் நிற்கிறார்கள். 35 வயதைக் கடந்தவர்கள், உடல் நிறைக் குறியீடு 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், கால்களில் பெரிய சுருள் நரம்புகள் உள்ளவர்கள், கடும் வாந்தியால் உடலின் நீரை இழந்தவர்கள் ஆகியோருக்கு ஒவ்வொரு காரணமும் சிறிது சிறிதாக ஆபத்தைக் கூட்டுகிறது. காரணங்கள் சேரச் சேரத்தான் மருத்துவர் கூடுதல் பாதுகாப்பைப் பற்றி யோசிப்பார்.

இனி வாரங்களுக்கு வருவோம். 14ஆம் வாரம் முதல் 28ஆம் வாரம் வரையிலான காலமே பயணத்திற்கு மிகவும் வசதியானது என்று மகப்பேறு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். முதல் மூன்று மாதங்களில் குமட்டலும் களைப்பும் மிகுதி. கருச்சிதைவுகளில் பெரும்பகுதி இந்த வாரங்களிலேயே நிகழ்வதால், அப்போது வெளியூரில் இருப்பது சங்கடம். பயணம் கருச்சிதைவை உண்டாக்குவதில்லை; ஆனால் ரத்தப்போக்கு தொடங்கும் நேரத்தில் தெரிந்த மருத்துவமனை அருகில் இல்லாமற்போகலாம். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்பதை ஸ்கேன் மூலம் உறுதி செய்யாமல் நெடுந்தூரம் போவது எனக்கு உடன்பாடில்லை. 28 வாரங்களுக்குப் பிறகு வயிறு பெரிதாகி, நெஞ்செரிச்சலும் மூச்சு வாங்கலும் தொடங்கி, குறுகிய இருக்கையில் நெடுநேரம் உட்காருவதே தண்டனையாகிறது. 37 வாரங்களுக்கு மேல் பிரசவ வலி எந்த நாளும் தொடங்கலாம் என்பதால், சிக்கலற்ற ஒற்றைக் கர்ப்பத்திற்கு அதற்கு முன்பும், இரட்டைக் கர்ப்பத்திற்கு 32 வாரங்களுக்கு முன்பும் விமானப் பயணத்தை முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. 14 முதல் 28 வரையிலான வாரங்கள் வசதியான வாரங்களே தவிர, ரத்தக்கட்டி வராத வாரங்கள் அல்ல. உறைதல் மாற்றங்கள் முதல் மூன்று மாதங்களிலேயே தொடங்கிவிடுகின்றன; வாந்தியால் நீரிழந்த பெண்ணுக்கு எட்டாவது வாரத்திலும் ஆபத்து உண்டு. எனவே 20ஆம் வாரத்தில் உடல் இலேசாக இருக்கிறது என்பதற்காகக் கால்களை அழுத்திப் பிடிக்கும் காலுறையையும், இடையிடையே எழுந்து நடப்பதையும் விட்டுவிடக் கூடாது.

விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றைப் பற்றிய கவலைக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். விமானத்திற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்றது. அதாவது கெந்திங் மலை உச்சியில் நிற்பதற்குச் சமம் அல்லது சற்றே அதிகம். கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின், தாயினுடையதைவிட இறுகலாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதால் குழந்தைக்கு இதனால் பாதிப்பில்லை. கடுமையான ரத்தசோகை உள்ள தாய்மார்களின் நிலை வேறு. கிளினிக்கில் தரும் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் கடைசியாக எழுதப்பட்ட ஹீமோகுளோபின் அளவு 10க்கும் கீழே இருந்தால், டிக்கெட் வாங்கும் முன் அதைப் பற்றித் தாதியிடமோ மருத்துவரிடமோ பேசிவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் மாலதி என்ற பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வயது 36. இது இரண்டாவது கர்ப்பம். உயரம் 158 சென்டிமீட்டர், கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடை 78 கிலோ, ஆகவே உடல் நிறைக் குறியீடு 31. கடைசி மாதவிடாயின் முதல் நாள் மார்ச் 2. ஆவணியில் கும்பகோணத்தில் மாமன் மகளுக்குத் திருமணம். ஆகஸ்ட் 24இல் புறப்பட்டு, கோயில்களையும் பார்த்துவிட்டு, செப்டம்பர் 17இல் திரும்புவது குடும்பத்தின் எண்ணம்.

முதலில் வாரக் கணக்கு. மார்ச் 2இலிருந்து ஆகஸ்ட் 24 வரை 175 நாள்கள், அதாவது சரியாக 25 வாரங்கள். போகும் நாள் வசதியான காலத்திற்குள் அமைகிறது. ஆனால் திரும்பும் நாளான செப்டம்பர் 17இல் 28 வாரங்களும் 3 நாள்களும் ஆகியிருக்கும். பல விமான நிறுவனங்கள் 28ஆம் வாரத்திலிருந்து மருத்துவரின் கடிதத்தைக் கேட்கின்றன; அந்தக் கடிதம் பயணத் தேதிக்கு முன் இத்தனை நாள்களுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருக்கும். கோலாலம்பூரில் ஆகஸ்டில் வாங்கிய கடிதம் செப்டம்பர் நடுவில் காலாவதியாகி, திருச்சி விமான நிலையத்தின் செக்-இன் முகப்பில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். மாலதிக்கு இரண்டு வழிகள் உள்ளன: செப்டம்பர் 13க்குள் திரும்பிவிடலாம், அல்லது கும்பகோணத்தில் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்துப் புதிய கடிதம் பெறலாம். கடிதத்தில் கர்ப்பத்தின் வாரம், பிரசவத் தேதி, ஒற்றைக் குழந்தையா இரட்டையா, சிக்கல் எதுவும் இல்லை, பயணத்திற்குத் தகுதியுள்ளவர் ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும். எத்தனை வாரம் வரை ஏற்றிக்கொள்வார்கள் என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுவதால், போகும் விமானத்தின் விதியோடு திரும்பும் விமானத்தின் விதியையும் படிக்க வேண்டும்.

அடுத்தது வழி. சென்னைக்குப் பறந்தால் விமானத்தில் நான்கு மணி நேரம். பிறகு கும்பகோணத்திற்குச் சுமார் 300 கிலோமீட்டர், காரில் ஆறேழு மணி நேரம். திருச்சிக்கு நேரடியாகப் பறந்தாலும் அதே நான்கு மணி நேரம்தான், ஆனால் பிறகு சுமார் இரண்டு மணி நேரக் கார் பயணமே மீதமிருக்கும். செந்தூலிலிருந்து விமான நிலையத்திற்குப் போகும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்தால், சென்னை வழியில் பதினொரு மணி நேரத்திற்கு மேல் உட்கார வேண்டும். திருச்சி வழியில் ஏழு மணி நேரம் போதும். சென்னை டிக்கெட் சற்று மலிவாகக் கிடைத்தாலும் நான் திருச்சியைத்தான் தேர்ந்தெடுப்பேன். விமானத்தில் இருந்த நேரத்தை மட்டும் எண்ணி, அதைத் தொடர்ந்து வரும் காரை எண்ணாமல் விடுவதே இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

மூன்றாவதாக, ஆபத்துக் கணக்கு. மாலதியின் வயதும் எடையும் இரண்டு காரணங்கள்; நெடும்பயணம் இன்னொன்று. அவருக்கு முன்பு ரத்தக்கட்டி வந்ததில்லை, குடும்பத்திலும் இல்லை. இந்த நிலையில் மருத்துவர் பெரும்பாலும் அழுத்தக் காலுறையும் நடையும் போதும் என்று சொல்லக்கூடும். வேறு காரணமும் சேர்ந்தால் பயண நாள்களுக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியைப் பரிந்துரைக்கலாம். எனாக்சாபரின் போன்ற இந்த ஊசிகள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்வதில்லை. அவை பன்றியின் குடலிலிருந்து தயாரிக்கப்படுவதால், சமய காரணங்களுக்காகவோ சைவ உணவுப் பழக்கத்தாலோ தயக்கம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து பற்றிக் கேட்கலாம்.

ஆஸ்பிரினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உறவினர்கள் அன்போடு கொடுத்தனுப்புவது அதைத்தான். ஆஸ்பிரின் ரத்தத்தின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது; தமனிகளில் உருவாகும் கட்டிகளில் தட்டணுக்களே முதன்மையானவை. மெதுவாக ஓடும் சிரை ரத்தத்தில் உருவாகும் கட்டியோ பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலையாகும். எனவே பயணக் கட்டியைத் தடுக்க ஆஸ்பிரின் பரிந்துரைக்கப்படுவதில்லை. உயர் ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுப்பதற்காக மருத்துவர் ஏற்கெனவே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், அதை நிறுத்தவும் கூடாது, அதையே பயணப் பாதுகாப்பு என்று நம்பவும் கூடாது.

அழுத்தக் காலுறை என்பது கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும் உறையாகும். முழங்கால் வரையிலான, பிரிட்டிஷ் தரப்படி முதல் வகுப்பைச் சேர்ந்த காலுறை போதும். கணுக்காலில் அதன் அழுத்தம் 14 முதல் 17 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். செருப்பு அளவை வைத்து வாங்காமல், காலை எழுந்தவுடன், கால் வீங்குவதற்கு முன், கணுக்காலின் மிக ஒல்லியான இடத்தையும் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தையும் அளந்துகொண்டு மருந்தகத்திற்குப் போக வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அணிந்துகொண்டு, போய்ச் சேர்ந்த பிறகு கழற்றலாம். மேல் விளிம்பைச் சுருட்டி மடிப்பது பெரும் தவறு. அந்த மடிப்பு கயிறு கட்டியதைப் போல முழங்காலுக்குக் கீழே இறுக்கி, எதைத் தடுக்க அணிந்தோமோ அதையே வரவழைக்கும். விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ உறை மிகச் சிறியது என்று பொருள்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது நடைவழி ஓரத்தை எடுப்பது நல்லது, ஏனெனில் ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் அடுத்தவரை எழுப்பத் தயங்கி உட்கார்ந்தே இருந்துவிடுகிறார்கள். மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும். இருக்கையில் இருக்கும்போது குதிகாலை ஊன்றி விரல்களை உயர்த்துவதும், விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்துவதும் கெண்டைக்கால் தசையை வேலை செய்ய வைக்கும். அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர். உண்மையில் அந்தக் கழிப்பறை நடைதான் அவர்களுக்குக் கிடைக்கும் சிறந்த உடற்பயிற்சி. தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டு ஒரே நிலையில் உறங்குவதைத் தவிர்க்க வேண்டும். காரில் சென்றால், தாப்பா, சுங்கை பேராக், குனோங் செமங்கோல் என்று நெடுஞ்சாலையில் ஓய்வுத் தலங்கள் இருக்கின்றன. நெரிசலில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வருமென்று சொல்ல முடியாது என்பதால், வந்த இடத்திலேயே இறங்கிப் பத்து நிமிடம் நடந்துவிட வேண்டும். பட்டர்வொர்த் வரை ரயிலில் போனால் பெட்டிக்குள்ளேயே நடக்க முடியும். எந்த வாகனமானாலும் இருக்கைப் பட்டையின் கீழ்ப்பகுதி வயிற்றுக்குக் கீழே, தொடையின் மேல், இடுப்பெலும்பின் குறுக்கே செல்ல வேண்டும்.

கட்டி உருவானதை எப்படி அறிவது? கர்ப்பிணியின் கால்கள் மாலையில் வீங்குவது சாதாரணம். இரண்டு கால்களும் ஒரே அளவில் வீங்கி, இரவு படுத்த பிறகு வற்றினால் அச்சமில்லை. ஒரு கால் மட்டும், குறிப்பாக இடது கால், வீங்கி வலித்தால் அது வேறு. தையல் நாடாவை எடுத்து, இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வித்தியாசம் இல்லை என்பது முழு ஆறுதலும் அல்ல. கர்ப்பத்தில் கட்டி பெரும்பாலும் தொடையிலும் இடுப்புச் சிரையிலும் தொடங்குவதால், கெண்டைக்கால் இயல்பாக இருக்க, தொடை முழுவதும் கனத்து வலிக்கலாம், அல்லது அடிவயிற்றின் ஒரு பக்கத்திலும் இடுப்பிலும் வலி தோன்றலாம். அதைக் கர்ப்பத்தின் முதுகு வலி என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டே நாள்கள் கழிந்துவிடும். திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவை கட்டி நுரையீரலை அடைந்ததன் அடையாளங்கள். மலேசியாவில் 999ஐயும் தமிழகத்தில் 108ஐயும் உடனே அழைக்க வேண்டும். இவை பயணத்தின்போதே வர வேண்டும் என்பதில்லை. பயணத்திற்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் வாய்ப்பு அதிகம். பல வாரங்கள் கழித்தும் வரலாம். அதனால் மருத்துவரிடம் பயண விவரத்தை மறக்காமல் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் காலின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனைதான் முதலில் செய்யப்படும். டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை கர்ப்பத்தில் இயல்பாகவே உயர்ந்திருப்பதால் பெரிதும் பயன்படாது. நுரையீரலுக்கு ஸ்கேன் தேவைப்பட்டால் கதிர்வீச்சுக்குப் பயந்து மறுக்க வேண்டாம். குழந்தைக்குப் போகும் அளவு மிகக் குறைவு, கவனிக்கப்படாத கட்டியின் ஆபத்தோ பெரிது. கட்டி உறுதியானால் ஹெப்பாரின் ஊசி மீதிக் கர்ப்பம் முழுவதும் தொடர்ந்து, பிரசவத்திற்குப் பின் குறைந்தது ஆறு வாரங்கள் வரை நீடிக்கும்.

அந்த ஆறு வாரங்கள் பத்தியக் காலமாக இருப்பதால், பயணப் பேச்சில் அவை இடம்பெறுவதே இல்லை. ஆனால் ஒரு நாளுக்கான ரத்தக்கட்டி ஆபத்து கர்ப்ப காலம் முழுவதையும்விடப் பிரசவத்திற்குப் பிந்தைய இந்த வாரங்களில்தான் அதிகம், சிசேரியனுக்குப் பிறகு இன்னும் அதிகம். கோலாலம்பூரில் பிரசவித்துவிட்டுப் பத்தாம் நாள் தாய்வீடு இருக்கும் பினாங்குக்குக் காரில் கிளம்பும் பெண்ணுக்கும் காலுறை வேண்டும், ஓய்வுத் தலங்களில் நடை வேண்டும், மருத்துவமனை கொடுத்தனுப்பிய ஊசி இருந்தால் பயண நாளிலும் அதைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.